மிச்ச லாபம் யார் கையில்?

கடன் கேட்டு வரும் நிறுவனங்களின் கணக்குகளைப் படிப்பது என் தொழில். ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் தலைவர் உரையையும் வண்ணப் படங்களையும் தள்ளிவிட்டு, லாப நட்டக் கணக்கையும் தாண்டி, நேராகப் பணப்புழக்க அறிக்கைக்குப் போவேன். கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் என்று ஆபீஸில் சொல்வோமே, அதுதான். அதன் முதல் பகுதி, வியாபாரத்தை நடத்தியதால் வந்த பணம் எவ்வளவு என்று சொல்கிறது. லாபத்தையும் இந்தப் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் போல எனக்குப் பிடித்த வேலை வேறில்லை. கணக்கில் எழுதிய லாபத்தில் எவ்வளவு கைக்கு வந்தது, வராதது யாரிடம் நிற்கிறது என்பது அங்கேதான் தெரியத் தொடங்கும்.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சரக்கை அனுப்பி பில் போட்ட நாளிலேயே விற்பனை கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் தொண்ணூறு நாள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். இந்த இடைவெளியில் பொய் எதுவும் இல்லை. கணக்கியல் விதியே அப்படித்தான். ஆனால் பில் போட்டால் லாபம் என்று ஆகிவிட்டபின், அவசரத்தில் இருக்கும் நிர்வாகத்துக்கு பில் போடுவது சுலபம். பணத்தை வரவழைப்பது அவ்வளவு சுலபமில்லை.

இங்கே பலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். இயக்கப் பணவரவை நிகர லாபத்தால் வகுப்பார்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் லாபம் நல்ல லாபம் என்று முடித்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வகுக்கும் இரண்டு எண்களும் ஒரே அடிப்படையில் எழுதப்பட்டவை அல்ல என்பதுதான் காரணம்.

நிகர லாபம் தேய்மானத்தைக் கழித்த பிறகு வருவது. தேய்மானத்துக்காக அந்த ஆண்டில் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை என்பதால் பணவரவில் அது திரும்பக் கூட்டப்படுகிறது. ஆகவே பாக்கியும் சரக்கும் அசையாமல் இருந்தாலே, தேய்மான அளவுக்காவது பணவரவு லாபத்தைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். லாபத்துக்குச் சமமாகப் பணம் வந்தது என்றால் அது ஏற்கெனவே குறைவு. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் இந்த் ஏஎஸ் 7 விதிப்படி, வங்கியோ நிதி நிறுவனமோ அல்லாத கம்பெனி தான் கட்டிய வட்டியை நிதிப் பகுதியில் காட்டுகிறது. லாபம் வட்டி போக மிஞ்சியது. இயக்கப் பணவரவோ வட்டி கட்டுவதற்கு முந்தையது. 2019 ஏப்ரல் முதல் குத்தகைத் தொகையும் பெரும்பாலும் நிதிப் பகுதிக்குப் போய்விட்டது. வாடகைக் கடைகளில் நடக்கும் சில்லறை வியாபார நிறுவனங்களுக்கு, ஒரு ரூபாய் கூடுதலாக வராமலே, இயக்கப் பணவரவு அந்த ஆண்டு துள்ளி எழுந்ததற்கு இதுதான் காரணம்.

ஆகவே வகுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒருமுறை மட்டும் வந்துபோன வரவு செலவுகளை எடுத்துவிடுவது அந்தச் சுத்தத்தில் பாதி. லாபத்திலிருந்து எடுப்பதைப் பலரும் செய்கிறார்கள். பணவரவிலிருந்து எடுக்க மறந்துவிடுகிறார்கள். எல்லா ஒருமுறை வரவும் பணவரவுக்குள் ஒரே வாசல் வழியாக நுழைவதில்லை என்பதால், இதில் நிதானம் தேவை.

ஒரு கற்பனை நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். நிகர லாபம் 30 கோடி, இயக்கப் பணவரவு 34 கோடி, தேய்மானம் 14 கோடி, கட்டிய வட்டி 9 கோடி. குறுக்கு வழிக்காரர் 34-ஐ 30-ஆல் வகுத்துத் திருப்தியோடு எழுந்துபோவார். நான் குறிப்புகளைப் புரட்டுவேன். ஆலை தன் பழைய நிலம் ஒன்றை விற்றதில் 12 கோடி லாபம். அதற்கு 2 கோடி வரி. பல ஆண்டு வழக்கில் இருந்த சுங்கத் தீர்வை 4 கோடி திரும்ப வந்திருக்கிறது. அதற்கு 1 கோடி வரி. நூல் நூற்றதால் வந்த லாபம் மட்டும் வேண்டுமென்றால் 30-லிருந்து நிலத்தின் 10 கோடியையும் சுங்கத்தின் 3 கோடியையும் எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவது 17 கோடி.

இனி பணத்தின் பக்கம். நிலம் விற்ற லாபத்தை அறிக்கையே இயக்கப் பகுதியில் கழித்துவிட்டு, விற்ற தொகை முழுவதையும் முதலீட்டுப் பகுதியில் காட்டும். அதை நான் மறுபடியும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். ஆனால் நிலத்துக்குக் கட்டிய 2 கோடி வரி, பொது வரியோடு கலந்து, இயக்கப் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். சுங்கப் பணம் முழுக்க இயக்கப் பகுதிக்குள் வந்த பணம். வரி போக 3 கோடியைக் கழிக்க வேண்டும். வட்டி 9 கோடியையும் கழித்தால் 34 என்பது 24 ஆகிறது. இதை எதோடு ஒப்பிடுவது? சுத்தம் செய்த 17 கோடி லாபத்தோடு 14 கோடி தேய்மானத்தைக் கூட்டி வரும் 31 கோடியோடு. வரவேண்டியது 31, வந்தது 24.

இந்த 7 கோடிதான் நான் தேடியது. லாபம் என்று எழுதப்பட்டு, ஆனால் பணமாகாமல் பாக்கியிலோ சரக்கிலோ போய் உட்கார்ந்த தொகை அது. முதலில் பார்த்தபோது பணம் லாபத்தைவிட 4 கோடி கூடுதல் என்று தோன்றிய அதே ஆலைதான் இது. 7 கோடி குறைவதாலேயே ஆலை கெட்டது என்று ஆகிவிடாது. பருத்தி வரத்துக் காலத்தில் கூடுதலாகக் கொள்முதல் செய்து வைத்திருக்கலாம்; மார்ச் இறுதியில் அப்படி இருப்பது நூற்பாலைகளில் இயல்பு. ஆனால் இப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி என் கையில் இருக்கிறது.

எது ஒருமுறைச் செலவு என்பதை நிர்வாகம் சொல்வதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. லாப நட்டக் கணக்கில் எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ் என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ஐந்து ஆண்டுக்கு வந்தவற்றை எழுதிக்கூட்டிப் பார்ப்பேன். மூன்று ஆண்டுகளில் வேறு வேறு பெயரில் ஆட்குறைப்புச் செலவு வந்திருந்தால், அது அந்தத் தொழிலின் வழக்கமான செலவு. அதை லாபத்தில் திரும்பக் கூட்டிக்கொடுக்க எனக்கு மனம் வராது. வழக்கமான வரவுகளுக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும் ஒருமுறை லாபங்கள் இதைவிட மோசம். ‘இதர வருமானம்’ என்ற குறிப்பில் திரும்ப எழுதப்பட்ட ஒதுக்கீடுகள், அந்நியச் செலாவணி லாபம், காப்பீட்டுப் பணம் என்று அவை கிடக்கும். செலவு என்றால் தனி வரியில் பெரிதாகப் போட்டுக் காட்டுவார்கள். வரவு என்றால் கூட்டத்தோடு கூட்டமாக விட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டு சரிபார்ப்பும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் காட்ட நான் எப்போதும் எடுப்பது அமெரிக்காவின் சன்பீம் நிறுவனத்தின் 1997 கணக்கை. மிக்சி, மின்போர்வை, வெளியில் வைத்து இறைச்சி சுடும் கிரில் அடுப்பு போன்ற வீட்டுச் சாமான்கள் செய்த பழைய நிறுவனம். 1996 ஜூலையில் ஆல்பர்ட் டன்லப் தலைமைக்கு வந்தார். ஆட்களை வெட்டித் தள்ளுவதால் ‘செயின்சா ஆல்’ என்று பெயர் வாங்கியவர். வந்த ஆண்டிலேயே சீரமைப்பு, சொத்து மதிப்பிழப்பு என்ற பெயர்களில் சுமார் 33.8 கோடி டாலரை ஒரேயடியாகச் செலவெழுதினார். 1996-இல் நிறுவனம் 22.8 கோடி டாலர் நட்டம் காட்டியது. அடுத்த ஆண்டே 10.9 கோடி டாலர் நிகர லாபம். பங்குச் சந்தை கொண்டாடியது.

1997 ஆண்டறிக்கையை அன்றைக்கு வாசித்தவர் என்ன செய்திருக்கலாம் என்று படிப்படியாகப் பார்க்கலாம். பின்னால் வெளிவந்த எதையும் இதில் சேர்க்க வேண்டியதில்லை.

முதலில் நியாயம். அந்த 10.9 கோடி லாபத்தில், கைவிட்ட தொழில்களை விற்றதால் வந்த 1.4 கோடி டாலர் நட்டமும் அடங்கியிருக்கிறது. அது ஒருமுறைச் செலவு; திரும்பக் கூட்டிவிடுவோம். நடக்கும் தொழிலின் லாபம் 12.3 கோடி. தேய்மானம் சுமார் 3.9 கோடி. ஆகவே பாக்கியும் சரக்கும் அசையவில்லை என்றால் 16 கோடி டாலருக்கு மேல் பணம் வந்திருக்க வேண்டும். அமெரிக்க விதியில் வட்டி இயக்கப் பகுதியிலேயே கழிந்துவிடுவதால் அந்தத் திருத்தம் இங்கே வேண்டாம்.

அறிக்கை காட்டிய இயக்கப் பணவரவு, கழித்தல் 82 லட்சம் டாலர். ஒரு டாலர்கூட வரவில்லை. உள்ளே இருந்ததும் வெளியே போயிருக்கிறது.

நிர்வாகத்தின் பக்கம் ஒரு நல்ல பதில் இருந்தது. சீரமைப்புச் செலவை 1996-லேயே கணக்கில் எழுதிவிட்டோம், பணத்தை 1997-இல்தான் கொடுத்தோம், அதனால் இந்த ஆண்டுப் பணவரவு அடிவாங்கியது என்று சொல்லலாம். அது உண்மைதான். சீரமைப்புக் கணக்கு வழியாக அந்த ஆண்டு சுமார் 4.3 கோடி டாலர் போயிருந்தது. ஒருமுறைச் செலவு லாபத்தில் ஓர் ஆண்டிலும் பணத்தில் மறு ஆண்டிலும் விழுவது சகஜம் என்பதால் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டு 4.3 கோடியைத் திரும்பக் கூட்டுவோம். பணவரவு 3.5 கோடி ஆகிறது.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. 1997 டிசம்பர் கடைசியில் சன்பீம் தனக்கு வரவேண்டிய வாடிக்கையாளர் பாக்கியில் ஒரு பகுதியை ஓர் ஏற்பாட்டின் மூலம் விற்று 5.9 கோடி டாலர் வாங்கியிருந்தது. கிட்டத்தட்டக் கடன் வாங்குவது மாதிரியான இந்தப் பணம் இயக்கப் பகுதியில் வந்து உட்கார்ந்தது. தொழில் சம்பாதித்த பணம் அல்ல அது. அடுத்த ஆண்டு வரவேண்டியதை வட்டிக்கு முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. அதைக் கழித்தால் கழித்தல் 2.4 கோடி. எல்லாச் சலுகையும் கொடுத்த பிறகும் வரவேண்டிய 16.2 கோடிக்கும் இதற்கும் நடுவில் ஏறத்தாழ 18.6 கோடி டாலர் பள்ளம்.

இந்தப் பணம் எங்கே நின்றது? பேலன்ஸ் ஷீட்டில் பதில் அப்படியே இருக்கிறது. ஓராண்டில் விற்பனை 98.4 கோடியிலிருந்து 116.8 கோடி ஆனது. அதாவது 19 சதவிகித உயர்வு. சரக்கிருப்பு 16.2 கோடியிலிருந்து 25.6 கோடிக்கு ஏறியது, 58 சதவிகிதம். வாடிக்கையாளர் பாக்கி 21.3 கோடியிலிருந்து 29.6 கோடி. விற்றுவிட்ட 5.9 கோடியையும் சேர்த்தால் 35.5 கோடி, உயர்வு 66 சதவிகிதம். விற்பனை ஒரு பங்கு வளர்ந்தால் பாக்கியும் சரக்கும் மூன்று பங்குக்குக் குறையாமல் வளர்ந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து விழுங்கியது 23 கோடி டாலருக்கு மேல். கட்ட வேண்டிய வரி பின்னுக்குப் போனதால் அதில் ஒரு பகுதி ஈடாகியிருக்கிறது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கான துப்பும் அறிக்கைக்குள்ளேயே இருந்தது. பில் போட்டுவிட்டு சரக்கை அனுப்பாமல் வைத்திருக்கும் விற்பனை, ஆண்டு வருவாயில் சுமார் 3 சதவிகிதம் என்று ஒரு குறிப்பு சொன்னது. கோடையில் விற்கும் கிரில் அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே தள்ளுபடி காட்டி, ஆறு மாதம் கழித்துப் பணம் தந்தால் போதும் என்று சொல்லி, கடைக்காரர்கள் பெயரில் பில் போட்டுவிட்டு, சரக்கை வாடகைக் கிடங்குகளில் அடுக்கியிருந்தார்கள். பருவம் தப்பிய கிரில் விற்பனை ஒரு நல்ல விற்பனையாளனின் சாதனை மாதிரித் தோன்றும். பாக்கி ஏறியதையும் பணம் வராததையும் பக்கத்தில் வைத்தால், அது அடுத்த ஆண்டின் விற்பனையை எடுத்து இந்த ஆண்டில் ஒட்டியது என்பது தெரியும்.

இனி அந்த 33.8 கோடி டாலர் ஒருமுறைச் செலவு. 1997 லாபத்தைத் திருத்தும்போது 1996-இன் செலவை எதற்குப் பார்க்க வேண்டும் என்று புதியவர்கள் கேட்பார்கள். தேவைக்கு மேல் ஒதுக்கீடு செய்துவிட்டால், அடுத்த ஆண்டு வரும் செலவுகளை லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுவராமல் அந்த ஒதுக்கீட்டிலேயே கழித்துவிடலாம், அல்லது மிஞ்சியதைத் திரும்ப எழுதி லாபத்தில் சேர்க்கலாம். 1996-இன் நட்டம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு 1997-இன் லாபம் அழகாகும். ஏற்கெனவே நட்டமான ஆண்டில் இன்னும் கொஞ்சம் நட்டம் கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை. அதனால் பெரிய ஒருமுறைச் செலவுக்கு அடுத்த ஆண்டு லாபத்தை நான் தனியாகப் படிப்பதே இல்லை. இரண்டு ஆண்டையும் கூட்டிப் பார்ப்பேன். சன்பீமில் அப்படிக் கூட்டினால் 22.8 கோடி நட்டமும் 10.9 கோடி லாபமும் சேர்ந்து கிட்டத்தட்ட 12 கோடி டாலர் நட்டம். திருப்புமுனை என்று கொண்டாடப்பட்ட நிறுவனத்தின் ஈராண்டுக் கணக்கு அது.

1998 ஏப்ரலில் பெயின்வெபர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷோர் இந்தப் பங்கின் மதிப்பீட்டைக் குறைத்தார். ஜூன் மாதம் டன்லப் வெளியேற்றப்பட்டார். திருத்தி எழுதப்பட்டபோது 1997-இன் லாபம் 10.9 கோடியிலிருந்து 3.8 கோடியாகச் சுருங்கியது. 2001 பிப்ரவரியில் சன்பீம் திவால் பாதுகாப்பு கேட்டது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தன் வழக்கில், 1996-இன் ஒதுக்கீட்டில் குறைந்தது 3.5 கோடி டாலர் தேவையற்றது என்றும், 1997-இல் வரிக்கு முன் காட்டிய 18.9 கோடி லாபத்தில் குறைந்தது 6 கோடி மோசடியால் வந்தது என்றும் சொன்னது. அந்த ஆறு கோடியைத் துல்லியமாக வெளியிலிருந்து யாரும் கணக்கிட்டிருக்க முடியாது. ஆனால் 18 கோடி டாலர் பள்ளத்தைக் காண ஒரு தாளும் பென்சிலும் போதுமாயிருந்தன.

இந்தியக் கணக்குகளில் இப்போது இந்தத் தேடலுக்கு ஒரு நல்ல துணை கிடைத்திருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, வாடிக்கையாளர் பாக்கி எவ்வளவு காலமாக நிற்கிறது என்று ஆண்டறிக்கையில் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டு, மூன்று ஆண்டுகள், அதற்கும் மேல் என்று கட்டங்கள். நூற்பாலைக் கணக்கில் கண்ட 7 கோடி மாதிரியான ஒரு தொகை கிடைத்ததும் நான் இந்தப் பக்கத்துக்குத்தான் போவேன். தொகை முழுக்க முதல் கட்டத்தில் இருந்தால் ஏப்ரல், மே மாத வங்கி வரவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும். சென்ற ஆண்டு முதல் கட்டத்தில் இருந்தது இந்த ஆண்டு இரண்டாவது, மூன்றாவது கட்டத்துக்கு நகர்ந்திருந்தால் விஷயம் வேறு. அது வருகிற பாக்கியாக இனி இருக்காது. நிர்வாகம் இன்னும் ஒதுக்கீடு செய்யவில்லை என்றால் அந்தத் தொகையை நானே லாபத்தில் கழித்துவிட்டுத்தான் கடன் தகுதியைக் கணக்கிடுவேன்.

ஓராண்டை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விற்பனை ஆண்டுக்கு 40 சதவிகிதம் வளரும் ஒரு பம்பு தயாரிப்பாளருக்குப் பாக்கியும் சரக்கும் அதே வேகத்தில்தான் வளரும். பணம் பின்தங்கியே இருக்கும். அங்கே நான் பார்ப்பது, பாக்கி விற்பனையைவிட வேகமாக ஓடுகிறதா என்பதை மட்டும். அரசு ஒப்பந்த வேலை செய்பவர்களுக்கு ஓர் ஆண்டு வறட்சியும் மறு ஆண்டு வெள்ளமும் இயல்பு. மூன்று முதல் ஐந்து ஆண்டு லாபத்தையும் பணத்தையும் தனித்தனியே கூட்டினால் இந்த மேடுபள்ளம் பெரும்பாலும் சமனாகும். சமனாகாமல் ஆண்டுக்கு ஆண்டு ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே போனால்தான் பயப்பட வேண்டும். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தச் சோதனையையே நான் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்குக் கடன் கொடுப்பதே இயக்கம். தொழில் வளர்ந்தால் இயக்கப் பணவரவு பல சமயம் கழித்தலாக இருக்கும். அங்கே வாராக்கடனையும் ஒதுக்கீட்டையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான எல்லை ஒன்று இருக்கிறது. பணவரவு லாபத்தை உறுதி செய்கிறது என்று நாம் நம்புவது, பணம் என்று எழுதியிருப்பது உண்மையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-இல் எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் இறுதியில் புத்தகத்தில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி பொய் என்றார். பாக்கியில் மிகைப்படுத்தியதாக அவர் சொன்ன தொகை 490 கோடிதான். லாபத்தை உயர்த்தியவர்கள் மறுபக்கத்தைப் பாக்கியில் வைக்காமல் வங்கி இருப்பிலேயே வைத்துவிட்டார்கள். அப்படிச் செய்த கணக்கில் இயக்கப் பணவரவு லாபத்தோடு அழகாகப் பொருந்தும். நான் இவ்வளவு நேரம் சொன்ன எந்தக் கழித்தலும் கூட்டலும் அதைப் பிடிக்காது. அதே கடிதத்தில், வரவேண்டிய வட்டி என்று காட்டியிருந்த 376 கோடியும் இல்லாதது என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த வரியைப் படித்ததிலிருந்து, பணம் நிறையக் காட்டும் நிறுவனம் எதுவானாலும் கடைசியாக ஒரு கணக்குப் போடுகிறேன். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த வங்கி இருப்பின் சராசரியை எடுத்து, முதலீட்டுப் பகுதியில் உண்மையில் கைக்கு வந்ததாகக் காட்டியிருக்கும் வட்டியை அதால் வகுக்கிறேன். வைப்புக்கு வங்கிகள் 6, 7 சதவிகிதம் தரும் ஆண்டில் இங்கே 2 சதவிகிதம் வந்தால், அல்லது வட்டியும் கைக்கு வராமல் பாக்கியாகவே ஏறிக்கொண்டிருந்தால், நிறுவனம் தரும் வைப்புச் சான்றிதழை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எந்தெந்த வங்கியில் எவ்வளவு என்ற பட்டியலை வாங்கிக்கொண்டு, அவர்களின் ஒப்புதலோடு, அந்தந்த வங்கிக் கிளைக்கு நேராகக் கடிதம் எழுதிப் பதிலை என் முகவரிக்கே அனுப்பச் சொல்கிறேன். அந்தப் பதில்கள் வந்துசேரும்வரை கோப்பு மேசையிலேயே இருக்கும்.